வெறும் 'லா லா லா'தான் ஞாபகம் இருக்கா? அந்தப் பாட்டைத் தேடிப்பிடிப்பது இப்படித்தான்!

பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் போன்ல ஓடுச்சு. இல்லைன்னா ஏதோ ஒரு ரீல்ஸ்ல பின்னணியா வந்துச்சு. பத்து செகண்ட்தான். அதுல ஒரு வார்த்தைகூட கிடையாது. 'லா லா லா', 'டு டு டு', 'ஓ ஓ ஓ', நடுவுல ஒரு 'ஹே!' அவ்வளவுதான். ஆனா, அன்னிக்கு ராத்திரி வரைக்கும் மண்டைக்குள்ள அதேதான் சுத்துது.

வார்த்தை இருக்கிற பாட்டு என்றால் கவலையே இல்லை. காதில் விழுந்த நாலு வார்த்தையை கூகுளில் தட்டினால் படம், பாடகர், பாடலாசிரியர் என மொத்த ஜாதகமும் வந்துவிடும். வார்த்தையே இல்லாத கோரஸ் என்றால் அந்த வழி அப்படியே அடைபட்டுப்போகிறது. வேறு வழிகள் இருக்கின்றன. ஆனால் எந்தக் கருவியிடம் எதைக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

டைப் பண்ணித் தேடினால் ஏன் கிடைப்பதில்லை?

முதல் காரணம், எழுத்து. நீங்கள் 'லா லா' என்று கேட்டதை இன்னொருவர் 'ந ந' என்றும், மூன்றாமவர் 'ட ட' என்றும் கேட்டிருப்பார். ஆங்கிலத்தில் தட்டும்போது இன்னும் சிக்கல். `la la`, `lala`, `lah lah` என ஆளுக்கு ஒரு ஸ்பெல்லிங். பாடல் வரிகளைப் போடும் தளங்கள் பலவும் இந்தச் சத்தங்களை எழுதுவதே இல்லை. எழுதினாலும் ஒருமுறை போட்டுவிட்டு நகர்ந்துவிடும். கோரஸ் முழுக்க இருபது முறை வந்த சத்தம், அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரியாகச் சுருங்கியிருக்கும்.

இரண்டாவது காரணம், கூட்டம். சில பாடல்களுக்கு அந்தச் சத்தமேதான் தலைப்பு. 'கில்லி' (2004) படத்தின் 'ஷா லா லா' அப்படித்தான். 2013-ல் நாட்டி பாய் இசையில் சாம் ஸ்மித் பாடிய 'லா லா லா'வும் அப்படித்தான். நீங்கள் `la la la song` என்று தேடினால் இந்த மாதிரி ஹிட்டுகள்தான் முதல் பக்கம் முழுக்க நிற்கும். நீங்கள் தேடும் பாட்டுக்குத் தலைப்பு வேறு ஏதோவாக இருக்கும். அது எங்கோ கீழே புதைந்து கிடக்கும். கைலி மினோக் 2001-ல் பாடிய 'கான்ட் கெட் யூ அவுட் ஆஃப் மை ஹெட்' பாட்டை நினைத்துப் பாருங்கள். உலகத்துக்கே ஞாபகம் இருப்பது அதன் 'லா லா லா'தான். தலைப்பில் அந்த 'லா' எங்குமே இல்லை.

ஆக, சத்தத்தை எழுத்தாக மாற்றிய இடத்திலேயே பாதித் தகவல் போய்விடுகிறது. போனது எது? மெட்டு. 'லா' என்பதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் அந்த 'லா' எந்த உயரத்தில் தொடங்கி, எங்கே ஏறி, எங்கே இறங்கியது என்பதுதான் அந்தப் பாட்டின் அடையாளம். அதை வைத்துத்தான் தேட வேண்டும்.

ஷஸாம் வேற, முணுமுணுப்புத் தேடல் வேற

இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள். ஷஸாமைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் முன்னால் பாடுவார்கள். "கண்டுபிடிக்க முடியலை"ன்னு வந்ததும் பாட்டே இல்லைபோல என்று விட்டுவிடுவார்கள். ஷஸாம் அதற்காகச் செய்யப்பட்ட செயலியே இல்லை.

ஷஸாம் 2002-ல் பிரிட்டனில் வந்தபோது அது செயலிகூட கிடையாது. 2580 என்ற எண்ணுக்கு போன் போட்டு, ஓடிக்கொண்டிருக்கும் பாட்டுக்கு நேராக போனைப் பிடிக்க வேண்டும். பாட்டின் பெயர் எஸ்.எம்.எஸ்ஸில் வரும். அன்றும் இன்றும் அதன் வேலை ஒன்றுதான். ஒலியை நேரம், அலைவரிசை என்று ஒரு படமாக வரைந்து, அதில் பளிச்சென்று தெரியும் புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொள்ளும். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதைக் கைரேகைபோல வைத்துக்கொண்டு, தன்னிடம் இருக்கும் ரெக்கார்டிங்குகளோடு ஒப்பிடும். அதனால்தான் டீக்கடை இரைச்சலுக்கு நடுவிலும் அது சரியாகச் சொல்கிறது. இரைச்சல் புதுப் புள்ளிகளைச் சேர்க்குமே தவிர, பாட்டின் வலுவான புள்ளிகளை எல்லாம் அழித்துவிடாது.

ஆனால், அது அடையாளம் காண்பது ஒரு குறிப்பிட்ட ரெக்கார்டிங்கை. நீங்கள் பாடினால் அது வேறு ரெக்கார்டிங். மேடையில் அதே பாடகரே பாடினாலும் வேறுதான். ரீல்ஸில் வேகத்தைக் கூட்டி, குரலைக் கீச்சென்று மாற்றிப் போடுகிறார்களே, அங்கேயும் புள்ளிகளின் இடைவெளி மாறிவிடுவதால் அது தடுமாறும்.

இன்னொரு வகை, முணுமுணுப்பைப் புரிந்துகொள்ளும் தேடல். சவுண்ட்ஹவுண்ட் இதை ரொம்ப காலமாகச் செய்கிறது. கூகுள் 2020 அக்டோபரில் தன் செயலியில் கொண்டுவந்தது. மைக் அடையாளத்தைத் தொட்டு `Search a song` என்பதைத் தேர்வு செய்து 10 முதல் 15 செகண்ட் பாடலாம், முணுமுணுக்கலாம், விசில்கூட அடிக்கலாம். (செயலியின் தோற்றம் அப்பப்போ மாறும். அந்தப் பட்டன் கண்ணில் படவில்லை என்றால் மைக்கைத் தொட்டு `What's this song?` என்று கேட்டுப் பாருங்கள்.) இது உங்கள் குரல், சுருதி, பின்னணி வாத்தியம் எல்லாவற்றையும் கழித்துவிட்டு, மெட்டை மட்டும் எண்களின் வரிசையாக மாற்றுகிறது. பிறகு, பாடல்களின் மெட்டு வரிசைகளோடு ஒப்பிட்டு, எத்தனை சதவிகிதம் பொருந்துகிறது என்று பட்டியல் தருகிறது. நீங்கள் ரெண்டு கட்டை இறக்கிப் பாடினாலும் அதற்குக் கவலையில்லை.

சுருக்கமாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: முணுமுணுப்புத் தேடல் சொல்வது 'எந்த மெட்டு' என்பதை. ஷஸாம் சொல்வது 'எந்த ரெக்கார்டிங்' என்பதை. வார்த்தை இல்லாத கோரஸுக்கு இந்த இரண்டும், இதே வரிசையில், தேவைப்படும்.

'ம்ம்ம்' வேண்டாம், 'டா டா' போடுங்க

மெட்டுத் தேடலில் தோற்றுப்போகிறவர்களில் பலரும் தோற்பது பாடும் விதத்தால்தான். சுருதி சுத்தமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. வேறு சில விஷயங்கள்தான் முக்கியம்.

வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்ம்' என்று இழுத்தால் ஒரு சுரம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாது. கோரஸில் ஒரே சுரம் நாலு முறை வந்தால், உங்கள் 'ம்ம்ம்'மில் அது ஒரே நீள சுரமாகிவிடும். 90-களில் வந்த ஆரம்பகால மெட்டுத் தேடல் கருவிகள் பாடுபவரிடம் 'டா' அல்லது 'தா' என்றுதான் பாடச் சொல்லின. அந்த மெய்யெழுத்து ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் எல்லை போட்டுக்கொடுக்கும். இன்றைய கருவிகள் எவ்வளவோ தேறிவிட்டன. ஆனாலும் ஒரு முணுமுணுப்பு பலிக்கவில்லை என்றால் 'டா டா' என்று மாற்றிப் பாடிப் பாருங்கள். கமகம், குழைவு எதுவும் வேண்டாம். படிக்கட்டில் ஏறி இறங்குவதுபோல் சுரம் சுரமாகப் போதும்.

அடுத்தது, எந்த இடத்தைப் பாடுவது? வார்த்தையில்லாத கோரஸ் பெரும்பாலும் மூணு நாலு சுரத்தில் சுற்றிச் சுற்றி வரும். அந்த மூணு சுரம் ஆயிரம் பாடல்களில் இருக்கும். கோரஸை மட்டும் திரும்பத் திரும்பப் பாடினால் பட்டியலில் சம்பந்தமே இல்லாத பத்துப் பாட்டு வரும். கோரஸுக்கு முந்தின வரியின் கடைசி நாலு செகண்டில் தொடங்கி, கோரஸுக்குள் நுழைந்து முடியுங்கள். வார்த்தை தெரியாவிட்டால் பரவாயில்லை, அதையும் 'டா டா'வாகவே பாடலாம். அந்த இணைப்பு அந்தப் பாட்டுக்கே உரியது.

பல குரல்கள் சேர்ந்து 'ஓ ஓ' என்று வரும் கோரஸ்களில் இன்னொரு கண்ணி உண்டு. மேலே ஒரு குரல், கீழே துணையாக இன்னொரு குரல் இருக்கும். நம் காதில் தங்கியது கீழ்க்குரலாக இருந்தால், அதைப் பாடித் தேடும்போது கருவி தவறான மெட்டைத் தேடும். முதல் முறை கிடைக்கவில்லை என்றால், உயரத்தில் ஒலித்த குரல் எது என்று யோசித்து அதைப் பாடுங்கள்.

'ஹே!' மட்டும் தனி ரகம். கத்தலுக்குத் தெளிவான சுரம் கிடையாது. அதை நீங்கள் எத்தனை முறை கத்தினாலும் மெட்டுத் தேடலுக்கு அது வெறும் சத்தம்தான். லூமினியர்ஸ் குழுவின் 'ஹோ ஹே' (2012) பாட்டில் வரிகளுக்கு நடுநடுவே அந்தக் கத்தல்கள் வரும். அந்த மாதிரிப் பாட்டைத் தேடும்போது கத்தல் வரும் இடத்தில் அதே அளவு இடைவெளி விட்டுவிட்டு, நடுவில் வரும் மெட்டை மட்டும் பாட வேண்டும்.

ஒரு பாட்டை நிஜமாகத் தேடுவோம்

இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு ரீல்ஸ். ஒருவர் ஊர் சுற்றிக் காட்டிக்கொண்டே பேசுகிறார். பின்னணியில் 'டு டு டு டு' என்று தாளத்தோடு ஒட்டி ஒரு குரல் திரும்பத் திரும்ப வருகிறது. வேறு வார்த்தை எதுவும் காதில் விழவில்லை.

முதலில் ரீல்ஸின் கீழே இருக்கும் ஆடியோ பெயரைத் தொடுங்கள். பாட்டின் பெயர் இருந்தால் வேலை முடிந்தது. `Original audio` என்று மட்டும் இருந்தால், அதே ஆடியோவைப் போட்ட மற்ற வீடியோக்கள் வரும். அதில் பேச்சு இல்லாத வீடியோ ஒன்று கிடைத்தால் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். `du du du song` என்று தட்டினால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்துவிட்டோம். ஷஸாமும் இப்போதைக்குத் திணறலாம், பேச்சுச் சத்தம் பாட்டை அமுக்கிக்கொண்டிருக்கிறது.

அடுத்து, அந்த மெட்டை 12 செகண்ட் பாடித் தேடுகிறோம். பட்டியலில் 'டாம்ஸ் டைனர்' என்ற பெயர் வருகிறது. ஆனால் ஒன்றல்ல, அதே பெயரில் பல கலைஞர்கள். கூடவே, 'சென்சுரீஸ்' என்று சம்பந்தமே இல்லாத ஒரு பெயரும் வரலாம். "இதுல எது நான் கேட்டது?" என்பதுதான் இப்போது நிஜமான கேள்வி.

இந்த இடத்தில் அந்தப் பாட்டின் கதை தெரிந்தால் சுலபம். அமெரிக்கப் பாடகி சூசன் வேகா 1987-ல் வெளியிட்ட 'சாலிட்யூட் ஸ்டாண்டிங்' ஆல்பத்தின் முதல் பாட்டு 'டாம்ஸ் டைனர்'. வாத்தியமே கிடையாது, அவர் குரல் மட்டும்தான். (எம்.பி.3 தொழில்நுட்பத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், தன் முறையைச் சோதிக்க இந்தத் தனிக்குரலைத்தான் பயன்படுத்தினார்.) அதில் இந்த 'டு டு டு' கோரஸே இல்லை. பாட்டு முடியும் இடத்தில் சும்மா இழுத்துப் பாடும் ஒரு பகுதி, அவ்வளவுதான்.

1990-ல் டி.என்.ஏ என்ற பெயரில் இயங்கிய இரண்டு பிரிட்டிஷ் இசைத் தயாரிப்பாளர்கள் அந்தக் குரலை எடுத்து, கீழே டான்ஸ் பீட் போட்டார்கள். அனுமதி வாங்கவில்லை. கடைசியில் வந்த அந்த 'டு டு டு'வைப் பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் கோரஸாக மாற்றினார்கள். வழக்குப் போடுவதற்குப் பதிலாக, வேகாவின் நிறுவனம் அந்த ரீமிக்ஸை வாங்கி முறைப்படி வெளியிட்டது. பிரிட்டிஷ் தரவரிசையில் அது 2-ம் இடம் வரை போனது. 2014-ல் ஃபால் அவுட் பாய் என்ற ராக் குழு அதே மெட்டை 'சென்சுரீஸ்' பாட்டுக்குள் கொண்டுவந்தது. 2019-ல் ஆனன்மேகாண்டரைட், ஜெயன்ட் ரூக்ஸ் என்ற இரண்டு ஜெர்மன் குழுக்கள் சேர்ந்து பாடிய கவர் வெளிவந்து, பின்னாளில் சமூக வலைதளங்களில் பெரிய ரவுண்டு வந்தது.

மெட்டு எல்லாவற்றிலும் ஒன்றுதான். அதனால் முணுமுணுப்புத் தேடலால் இவற்றைப் பிரிக்க முடியாது. உங்கள் காது பிரிக்கும். பீட் இருந்து பெண் குரல் நிதானமாக ஒலித்தால் அது 1990 ரீமிக்ஸ். வாத்தியமே இல்லாமல் பெண் குரல் மட்டும் என்றால் 1987 ஒரிஜினல். கரகரப்பான, ஆழமான ஆண் குரல் என்றால் ஜெர்மன் கவர். அதிரடி டிரம்ஸும் ஸ்டேடியத்தில் கத்துவது மாதிரியான ஆண் குரலும் வந்தால் 'சென்சுரீஸ்'. இன்னும் சந்தேகம் இருந்தால், முதலில் குறித்துவைத்த பேச்சில்லாத வீடியோவை ஓடவிட்டு இப்போது ஷஸாமிடம் கொடுங்கள். ரெக்கார்டிங்கைச் சொல்வது அதன் வேலை.

வேகம் கூட்டிய ரீல்ஸ் என்றால்? ஷஸாமால் முடியாத இடம் அது. அப்போது அந்த மெட்டை நீங்களே நிதானமாகப் பாடித் தேட வேண்டும். மெட்டுத் தேடலுக்கு வேகமும் சுருதியும் பெரிய விஷயமில்லை என்பதால், கீச்சுக்குரல் வேடத்தை உங்கள் வாயே கலைத்துவிடும்.

கிடைத்தது சரிதானா? ஒரு பேப்பர் போதும்

முணுமுணுப்புத் தேடல் எப்போதும் ஏதாவது ஒரு பதிலை நீட்டும். சதவிகிதம் குறைவாக இருந்தும் "இதுவாத்தான் இருக்கும்"னு நம்பிவிட்டால், கொஞ்ச நாளில் அந்தத் தவறான பாட்டே உங்கள் ஞாபகத்தில் ஒட்டிக்கொள்ளும். அசல் மெட்டு மறந்தேபோகும். அதனால் பட்டியலைக் கேட்பதற்கு முன்னாலேயே உங்கள் தலையில் இருக்கும் மெட்டைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

அதற்கு சங்கீதம் தெரிய வேண்டியதில்லை. டெனிஸ் பார்சன்ஸ் என்பவர் 1975-ல் மெட்டுகளுக்கென ஓர் அகராதியே போட்டார். அதில் அவர் பயன்படுத்திய முறை, நோட்ஸ் படிக்கத் தெரியாதவர்களுக்கானது. முதல் சுரத்துக்கு ஒரு நட்சத்திரம். அடுத்த சுரம் அதைவிட மேலே போனால் U. கீழே வந்தால் D. அதே இடத்தில் நின்றால் R. அவ்வளவுதான்.

எல்லோருக்கும் தெரிந்த 'ட்விங்கிள் ட்விங்கிள்' ரைம்ஸின் முதல் இரண்டு வரிகளை இப்படி எழுதினால்:

```
*RURURD DRDRDRD
```

ஒரே சுரம் இரண்டு முறை, பிறகு ஒரு தாவல், மறுபடி இரண்டு முறை, கொஞ்சம் ஏற்றம், பிறகு படிப்படியாக இறக்கம் என்று அந்த எழுத்துகளிலேயே மெட்டின் நடை தெரிகிறது பாருங்கள். எவ்வளவு தூரம் ஏறியது என்ற கணக்கே இல்லை. ஆனாலும் 12, 15 எழுத்து சேர்ந்தால் ஒரு மெட்டை இன்னொன்றிலிருந்து பிரித்துவிடலாம்.

உங்கள் 'லா லா'வை இப்படி ஒரு வரி எழுதிவைத்துவிட்டு, பட்டியலில் வந்த பாட்டின் கோரஸையும் இதேபோல எழுதி ஒப்பிடுங்கள். ஓரிரு எழுத்து மாறினால் உங்கள் ஞாபகப் பிசகாக இருக்கலாம். ஏறும் இடத்தில் இறங்கினால், அது வேறு பாட்டு. மியூசிபீடியா என்ற தளத்தில் இந்த எழுத்துகளைத் தட்டியே தேடவும் முடியும். ஆனால் அதில் மேற்கத்திய செவ்வியல் இசையும் நாட்டுப்புற மெட்டுகளும்தான் நிறைய. தமிழ்ப் பாட்டுக்கு அங்கே போய் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

பாட்டே இல்லாத 'லா லா லா'க்கள்

எல்லாம் சரியாகச் செய்தும் கிடைக்கவில்லையா? நீங்கள் கேட்டது பாட்டாகவே இல்லாமல் இருக்கலாம்.

நமக்கு ரொம்பப் பழக்கமான உதாரணம், விக்ரமன் படங்களின் 'லாலாலா'. 'பூவே உனக்காக', 'சூரிய வம்சம்', 'வானத்தைப்போல' படங்களுக்கெல்லாம் இசை எஸ்.ஏ.ராஜ்குமார். குடும்பம் ஒன்றுசேரும், யாரோ தியாகம் செய்வார்கள், உடனே பின்னணியில் கோரஸ் குரல்கள் எழும். மீம்ஸ் போடும் தலைமுறைக்கும் அது தெரியும். ஆனால் அது காட்சிக்கான பின்னணி இசை. ஆடியோ கேசட்டிலோ, ஸ்ட்ரீமிங் செயலியின் ஆல்பத்திலோ அப்படி ஒரு டிராக் பெரும்பாலும் இருக்காது. ஆல்பத்தில் இல்லாததை, ஆல்பங்களை வைத்து ஒப்பிடும் கருவியால் சொல்ல முடியாது. இந்த மாதிரிச் சத்தத்துக்கு யூடியூபில் படத்தின் பெயரோடு `BGM` சேர்த்துத் தேட வேண்டும். படம் தெரியாவிட்டால், எந்த மாதிரிக் காட்சியில் வந்தது என்பதை வைத்து இசையமைப்பாளரை யூகித்து அங்கிருந்து தொடங்க வேண்டும்.

தமிழில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'தமிழ்ப்படம்' (2010) படத்தில் வரும் 'ஓ மகசீயா', பல தமிழ்ப் பாடல்களில் வந்த அர்த்தமில்லாத சத்தங்களைக் கோத்தே செய்யப்பட்ட பகடிப் பாட்டு. உங்களுக்கு ஞாபகம் இருக்கும் ஒரு விசித்திரச் சத்தத்தைத் தட்டித் தேடும்போது இந்தப் பாட்டு வந்து நின்றால், நீங்கள் தேடும் அசல் இதற்கு முந்தைய படம் ஒன்றில் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஸ்டேடியத்தில் கேட்ட 'ஓ ஓ ஓ' என்றால் அது வேறு வகை ஏமாற்று. ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழுவின் 'செவன் நேஷன் ஆர்மி' (2003) பாட்டின் கிட்டார் மெட்டைத்தான் ஐரோப்பிய கால்பந்து ரசிகர்கள் 'ஓ ஓ' என்று கூட்டமாகப் பாடுகிறார்கள். அசல் பாட்டில் அந்த இடத்தில் குரலே கிடையாது. குரல் வரும் பாட்டையே தேடிக்கொண்டிருந்தால், சரியான பாட்டு கையில் கிடைத்தும் "இது இல்லை"ன்னு தள்ளிவிடுவோம். பாட்டைக் கேட்கும்போது வாத்தியங்களையும் கவனியுங்கள்.

அது நிஜமாகவே அர்த்தமில்லாத சத்தம்தானா?

கடைசியாக ஒரு கேள்வி இருக்கிறது. நமக்குப் புரியாத மொழியின் வார்த்தை, நம் காதுக்கு 'லா லா'வாகத்தான் கேட்கும்.

'லயன் கிங்' (1994) படத்தில் டிமோனும் பும்பாவும் பாடும் சிங்கப் பாட்டு ஞாபகம் இருக்கிறதா? பின்னணியில் 'விமோவே, விமோவே' என்று ஒரு கோரஸ் சுற்றிக்கொண்டே இருக்கும். ஏதோ காட்டுச் சத்தம் என்றுதான் நினைத்திருப்போம். அந்த மெட்டைப் பாடித் தேடினால் டோக்கன்ஸ் என்ற அமெரிக்கக் குழு 1961-ல் பாடிய 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' வரும். பாட்டு கிடைத்துவிட்டது என்று நிறுத்திவிடலாம். ஆனால் அது ஆரம்பம் இல்லை.

1939-ல் ஜோஹன்னஸ்பர்க்கில் சாலமன் லிண்டா என்ற ஜூலு பாடகர் தன் குழுவோடு 'இம்பூபே' என்ற பாட்டை ரெக்கார்டு செய்தார். ஜூலு மொழியில் அதற்குச் சிங்கம் என்று பொருள். பின்னணிக் குரல்கள் பாடியது 'உயிம்பூபே', அதாவது 'நீ ஒரு சிங்கம்'. அந்த இசைத்தட்டு அமெரிக்காவுக்குப் போனபோது, பீட் சீகர் என்ற நாட்டுப்புறப் பாடகர் அதை 'விமோவே' என்று காதில் வாங்கிக்கொண்டார். அவருடைய வீவர்ஸ் குழு அந்தப் பெயரிலேயே பாடியது. அதன் பிறகுதான் ஆங்கில வரிகள், டோக்கன்ஸ், டிஸ்னி எல்லாம். ஆங்கில வரிகள் ஏறி உட்கார்ந்த மெட்டும், லிண்டா அந்த ரெக்கார்டிங்கில் உச்சக் குரலில் இழுத்துப் பாடியதிலிருந்து வந்ததுதான்.

அந்தப் பாட்டின் உரிமையை லிண்டா 10 ஷில்லிங்குக்குக் கொடுத்திருந்தார். 1962-ல் வறுமையில் இறந்தார். பாட்டு உலகம் முழுக்கப் பணம் குவித்தது. அவருடைய மகள்கள் 2004-ல் வழக்குப் போட்டு, 2006-ல் உடன்பாடு ஏற்பட்ட பிறகுதான் குடும்பத்துக்கு முறையான பங்கு வரத் தொடங்கியது. அர்த்தமில்லாத சத்தம் என்று எல்லோரும் பாடிக்கொண்டிருந்த ஒன்று ஒரு மொழியின் வார்த்தை. அதற்கு ஓர் உரிமையாளரும் இருந்தார்.

கோரஸ் அர்த்தமுள்ள வார்த்தையா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு முறையும் அதே அசைகள், அதே வரிசையில், மாறாமல் வருகின்றனவா என்று கவனியுங்கள். சும்மா போடும் 'லா லா'வில் பாடகர் ஒருமுறை 'லா' என்பார், அடுத்த முறை 'ந' என்று நழுவுவார். வார்த்தை என்றால் அப்படி நழுவாது. அசைகள் மாறாமல் வந்தால், பாட்டின் பெயரோடு `original version` அல்லது `first recorded` என்று சேர்த்து இன்னொரு தேடல் போடுங்கள். ஸ்ட்ரீமிங் செயலியில் பாட்டின் `Credits` பகுதியைத் திறந்து, பாடியவரைத் தாண்டி எழுதியவர் பெயரையும் பாருங்கள். அங்கே கண்ணுக்குப் பழக்கமில்லாத ஒரு பெயர் இருந்தால், அந்தப் பெயரையும் பாட்டின் தலைப்பையும் சேர்த்துத் தேடுங்கள். நீங்கள் கேட்ட பத்து செகண்டுக்குப் பின்னால் ஒரு பழைய ரெக்கார்டிங் இருந்தால், பல நேரம் அங்கேதான் தட்டுப்படும்.